லிஃப்டில் கேட்ட கேள்வி: குழந்தைக்கு மல்டிவைட்டமின் எப்போது தேவை?

(நம் குடியிருப்பின் சமூகக் கூடத்தில் கடந்த காலாண்டில் நடந்த பெற்றோர் சந்திப்பில், நம் பிளாக்கில் வசிக்கும் குழந்தை நல மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதுவும் குழந்தைகளைக் கீழே விளையாட விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அபார்ட்மெண்டில் குடியிருக்கும் டாக்டருக்கு ஒரு கஷ்டம் உண்டு. கிளினிக்கில் ஒரு குழந்தையைப் பார்க்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வோம். லிஃப்டில் தரைத்தளத்திலிருந்து ஐந்தாவது மாடி போவதற்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். "டாக்டர், பாப்பா எதுவுமே சாப்பிட மாட்டேங்கிறா. ஏதாவது நல்ல மல்டிவைட்டமின் சொல்லுங்களேன்." இதுதான் நான் லிஃப்டில் அதிகம் கேட்கிற கேள்வி. இதற்கு நான் ஒருமுறை தப்பாகப் பதில் சொன்னேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இங்கே வருவதற்கு முன்னால் நாங்கள் இருந்த குடியிருப்பில் நடந்தது. மேல் மாடியில் இரண்டே கால் வயதுப் பெண் குழந்தை. பாப்பா என்றே வைத்துக்கொள்வோம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் பாட்டி பார்த்துக்கொள்வார். லிஃப்டில் அந்த அம்மா கேட்டபோது நான் குழந்தையைப் பார்த்தேன். கன்னம் கொழுகொழுவென்று இருந்தது, சிரித்தாள். "கவலைப்படாதீங்க, வேணும்னா ஒரு மல்டிவைட்டமின் சிரப் கொடுங்க" என்று சொல்லிவிட்டு என் மாடியில் இறங்கிவிட்டேன். எவ்வளவு பால் குடிக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து அந்தப் பாட்டி என்னை மாடிப்படியில் நிறுத்தினார். "டாக்டரம்மா, புள்ள சுவத்தச் சுரண்டிச் சுரண்டித் திங்குது. நாலடி நடந்தா தூக்குங்குது. நாக்கெல்லாம் வெளுத்துக் கெடக்கு" என்றார். மறுநாள் கிளினிக்குக் கூட்டி வரச் சொன்னேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8. அந்த வயதில் 11 இருக்க வேண்டும். உடம்பில் இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் கிட்டத்தட்டக் காலி. நான் சொன்ன சிரப்பை ஒருநாள் விடாமல் கொடுத்திருந்தார்கள். பாட்டிலைக் கொண்டு வரச் சொல்லி லேபிளைப் படித்தேன். வைட்டமின் ஏ, டி, பி வகைகள், லைசின் எல்லாம் இருந்தன. இரும்பு ஒரு துளிகூட இல்லை.

இதில் அந்தப் பெற்றோர் செய்த தவறு ஒன்றுமில்லை. டாக்டர் சொன்னதைச் செய்தார்கள். "சத்து மருந்துதான் கொடுக்கிறோமே" என்ற நிம்மதியில் ஐந்து மாதம் போய்விட்டது. மல்டிவைட்டமினில் நான் பயப்படுவது இதற்குத்தான். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது கெடுதல் செய்வதில்லை. ஆனால் உண்மையான குறை என்ன என்று தேடுவதை நிறுத்திவிடுகிறது.

சாப்பிடவில்லையா, வயிறு நிறைந்திருக்கிறதா?

பாப்பா ஒரு நாளில் என்னென்ன உள்ளே போகிறது என்று மணி வாரியாக எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். காலை எழுந்ததும் பாட்டிலில் 250 மி.லி. பால். பத்து மணிக்கு 200. மதியம் தூங்க வைக்க 250. இரவு படுக்கும்போது 250. நடுராத்திரி அழுதால் 150. கூட்டினால் 1,100 மி.லி. இடையில் இரண்டு பிஸ்கட், நாலு ஸ்பூன் தயிர் சாதம், டிவி பார்த்துக்கொண்டே அரை இட்லி.

அந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கலோரி போதும். 1,100 மி.லி. பாலிலேயே ஏறத்தாழ 700 கலோரி வந்துவிடுகிறது, சர்க்கரை சேர்த்தால் இன்னும் அதிகம். மிச்சத்தைத்தான் பிஸ்கட்டும் தயிர் சாதமும் நிரப்புகின்றன. வீட்டில் எல்லோரும் "சாப்பிடவே மாட்டேங்கிறா" என்று சொன்ன குழந்தை உண்மையில் வயிறு நிறையக் குடித்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் கன்னம் கொழுகொழு. அதைப் பார்த்துத்தான் நானும் ஏமாந்தேன்.

பாலில் கால்சியமும் புரதமும் தாராளம். இரும்பு மட்டும் ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1 முதல் 3 வயதுக் குழந்தைக்குப் பரிந்துரைப்பது நாளைக்கு 8 மில்லிகிராம். போதாததற்கு, பாலில் உள்ள கால்சியமும் கேசின் என்ற புரதமும் மற்ற உணவிலிருந்து வரும் கொஞ்சம் இரும்பையும் உடம்பில் சேர விடாமல் தடுக்கின்றன. ஒரு வயதுக்கு மேல் பால் 400, அதிகம் போனால் 500 மி.லி. போதும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். தயிர், மோரும் இந்தக் கணக்கில் சேரும்.

இது அபூர்வமான கதை என்று நினைக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அது வசதியில்லாத வீடுகளில் மட்டும் இருப்பதல்ல. பால் பாக்கெட் தாராளமாக வாங்குகிற வீடுகளில் அது வேறு வழியாக வருகிறது.

சுவரைச் சுரண்டித் தின்பது, மண், சாக்பீஸ், பச்சரிசி தின்பது எல்லாம் கெட்ட பழக்கம் என்று நினைத்து அடிக்காதீர்கள். இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். உள் இமை, நாக்கு, உள்ளங்கை வெளுத்திருப்பது, எதற்கெடுத்தாலும் சிணுங்குவது, விளையாடாமல் தூக்கச் சொல்வது இவையும் அப்படித்தான். மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இந்தக் குறை நீடித்தால் கவனமும் கற்கும் திறனும் பாதிக்கப்படலாம். பின்னால் ரத்தம் ஏறினாலும் அந்த இழப்பு முழுவதும் திரும்பாமல் போகலாம்.

பாப்பாவுக்கு என்ன செய்தோம்?

மல்டிவைட்டமினை நிறுத்தினோம். இரும்பு மட்டும் கொடுத்தோம். சிகிச்சை அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்குச் சுமார் 3 மி.கி. தனிம இரும்பு. அவள் எடை 11 கிலோ, ஆக 33 மி.கி. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. லேபிளில் "ஃபெரஸ் சல்ஃபேட் இவ்வளவு" என்று பெரிய எண் போட்டிருக்கும், அது முழு உப்பின் எடை. அதற்குள் இருக்கும் நிஜ இரும்பின் அளவைத்தான் 'எலிமெண்டல் அயர்ன்' என்று தனியாகப் போட்டிருப்பார்கள். கணக்குப் போட வேண்டியது அதை வைத்துத்தான். சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யில் இருப்பதும் சிரப்பில் ஐந்து மி.லி.யில் இருப்பதும் வேறு வேறு. எனவே பக்கத்து வீட்டில் சொன்ன அளவை அப்படியே கொடுக்கக் கூடாது, எடை பார்த்து டாக்டர் எழுதித் தர வேண்டும்.

கொடுக்கும் முறையும் முக்கியம். நாளைக்கு ஒரே வேளை, சாப்பாட்டுக்கு இடையில், பாலுக்கும் அதற்கும் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி. கூடவே கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ ஆரஞ்சுச் சாறோ கொடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். கால்சியம் சிரப் கொடுக்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துவிடாதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பல்லில் கறை படியாமல் இருக்க மருந்தை நாக்கின் பின்பக்கம் விட்டு, பிறகு தண்ணீர் குடிக்க வையுங்கள்.

ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது ஒரு புள்ளியாவது ஏற வேண்டும். அப்படி ஏறினால் நம் கணிப்பு சரி. ஏறவில்லையென்றால் மருந்து சரியாகக் கொடுக்கப்பட்டதா என்று பார்த்து, தலசீமியா போன்ற பரம்பரைக் காரணங்களையும் தேட வேண்டும். பாப்பாவுக்கு ஒரு மாதத்தில் 9.7, மூன்றாவது மாதம் 11.5. பலரும் இந்த இடத்தில் மருந்தை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. ரத்தம் ஏறிவிட்டது, ஆனால் கிடங்கு இன்னும் காலி. மேலும் இரண்டு மூன்று மாதம் கொடுத்தால்தான் அது நிரம்பும். அவளுக்கு மொத்தம் ஆறு மாதம் ஆனது.

மருந்தைவிடக் கஷ்டமானது பாலைக் குறைத்ததுதான். முதலில் நடுராத்திரி பாட்டில் போனது. பிறகு மதியம். பாட்டிலை மூட்டை கட்டிவிட்டு டம்ளரில் மட்டும், காலை 200, இரவு 200. முதல் மூன்று நாள் பாப்பா அழுத அழுகை என் வீடு வரை கேட்டது. "புள்ளயப் பட்டினி போடச் சொல்லிட்டாங்களே" என்று பாட்டிக்கு என் மேல் கோபம். பத்தாவது நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பாப்பா தானே கையால் அடை பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். பசி வந்துவிட்டது.

இரண்டாம் வயதில் பசி ஏன் குறைகிறது?

எல்லா அடம்பிடிக்கும் குழந்தைக்கும் ரத்தசோகை இல்லை. பல குழந்தைகள் சரியாகவே இருக்கிறார்கள், நம் எதிர்பார்ப்புதான் தப்பு. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்த நாளில் ஒன்பது கிலோ. ஒரே ஆண்டில் ஆறு கிலோ. இரண்டாவது ஆண்டில் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயற்கை. போன வருஷம் சாப்பிட்டதைப் போல இந்த வருஷமும் சாப்பிட வேண்டும் என்று நாம் தட்டோடு பின்னாலேயே ஓடுகிறோம்.

பிரச்சினையா இல்லையா என்று காட்டுவது தடுப்பூசி அட்டையில் இருக்கும் வளர்ச்சிக் கோடு. எடையும் உயரமும் அதே கோட்டையொட்டிப் போனால் குழந்தை தேவையானதைச் சாப்பிடுகிறது என்று அர்த்தம். கோடு படுத்துவிட்டாலோ கீழே இறங்கினாலோ காரணம் தேட வேண்டும். டானிக் வாங்குவதற்கு முன்னால் அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள்.

சாப்பாட்டு மேசையில் ஒரு வேலைப் பங்கீடு இருக்கிறது. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் சொன்னது. என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பது பெற்றோர் முடிவு. எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தையின் முடிவு. மூன்று வேளை சாப்பாடு, இரண்டு சிறுதீனி, நடுவில் தண்ணீர் மட்டும். இருபது, முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடலாம், திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். புது உணவைப் பத்துப் பதினைந்து முறை பார்த்த பிறகே பல குழந்தைகள் வாயில் வைக்கும். இரண்டு தடவை துப்பியதும் "இவளுக்குக் கீரை பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

இரும்புக்கு எதைக் கொடுக்கலாம்? அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சுலபம். ஈரல், சுவரொட்டி, கறி, மீன் இவற்றிலுள்ள இரும்பு நன்றாகச் சேரும். சுவரொட்டி சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று நம் பாட்டிமார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சைவத்தில் கம்பு, பயறு வகைகள், கொண்டைக்கடலை, எள்ளு, கீரை. இவற்றின் இரும்பு சேர்வது குறைவு. அதனால் எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி என்று ஏதாவது ஒன்று கூட இருக்கட்டும். பீட்ரூட்டின் சிவப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதில் இரும்பு குறைவு. குழந்தைக்கு டீ வேண்டவே வேண்டாம், அது இரும்பைத் தடுக்கும்.

அப்படியானால் யாருக்குத் தேவை?

பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை எல்லாக் குழந்தைக்கும் தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு. தாய்ப்பால் நன்றாகக் குடித்தாலும் தேவை. குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு இரும்புச் சொட்டும் சீக்கிரமே தொடங்கும், டாக்டர் சொல்வார்.

அடுத்தது அரசுத் திட்டம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மி.லி. இரும்பு, ஃபோலிக் அமில சிரப் கொடுக்கிறார்கள். ஒரு மி.லி.யில் 20 மி.கி. இரும்பு. ஒன்பது மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ. ஒரு வயதிலிருந்து குடற்புழு மாத்திரை. இவை அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். நம்மைப் போன்ற குடியிருப்புகளில் இருப்பவர்கள் "அது நமக்கில்லை" என்று விட்டுவிடுகிறோம். நமக்கும்தான்.

பால், முட்டை எதையும் தொடாத முழுத் தாவர உணவுக் குடும்பமென்றால் குழந்தைக்கு பி12 கட்டாயம். தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து. வலிப்பு மருந்து சாப்பிடும் குழந்தை, குடல் அல்லது கல்லீரல் நோயுள்ள குழந்தை இவர்களுக்கு அந்தந்தக் குறைக்கு ஏற்ற மருந்து.

நிஜமாகவே மல்டிவைட்டமின் தேவைப்படும் குழந்தை ஒன்று உண்டு. மொத்தமே ஐந்தாறு உணவுதான் ஏற்கும். காய், பழம் அல்லது பருப்பு, முட்டை, இறைச்சி என்று ஒரு வகையையே முழுதாக ஒதுக்கிவிடும். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளிடம் இதைப் பார்க்கிறோம். அந்தக் குழந்தைக்கு மல்டிவைட்டமின் ஒரு பாலம். அந்தப் பக்கத்தில் உணவுப் பயிற்சி தர ஆள் இருக்க வேண்டும், பாலத்திலேயே குடியிருந்துவிடக் கூடாது.

கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகள்

*பசிக்கு டானிக் என்று கடையில் கொடுக்கிறார்களே?*
பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின். அது ஒவ்வாமைக்கான பழைய மருந்து, பசியைத் தூண்டுவது அதன் பக்க விளைவு. தூக்கமும் வரும். நிறுத்தினால் பசியும் போய்விடும். டாக்டர் குறிப்பிட்ட காரணத்துக்காக எழுதினால் தவிர வேண்டாம்.

*கம்மி மிட்டாய் வடிவில் கொடுக்கலாமா? குழந்தை ஆசையாகத் தின்கிறது.*
ஆசையாகத் தின்பதுதான் ஆபத்து. பெரும்பாலான கம்மிகளில் இரும்பு இருக்காது, சர்க்கரை இருக்கும். மிட்டாய் என்று நினைத்து டப்பாவையே காலி செய்துவிடும். மூன்று வயதுக்குக் கீழ் தொண்டையில் சிக்கவும் கூடும்.

*அதிகமாகிவிட்டால் சிறுநீரில் போய்விடும் என்கிறார்களே?*
பி, சி வகைகள் பெரும்பாலும் போய்விடும். ஏ, டி உடம்பில் தங்கும். பெரியவர்களுக்கு வாரம் ஒன்று என்று எழுதித் தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டைக் குழந்தைக்குத் தினமும் கொடுத்துவிட்டு வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் என்று வருகிறவர்கள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது இரும்பு. கர்ப்பிணிகளுக்கும் பாட்டிக்கும் எழுதித் தரும் மாத்திரையில் 60 அல்லது 100 மி.கி. இரும்பு இருக்கும். பளபளவென்று சிவப்பாக இருப்பதால் குழந்தைக்கு அது மிட்டாய். கிலோவுக்கு 20 மி.கி.க்கு மேல் போனாலே விஷமாக வேலை செய்யத் தொடங்கும். பாப்பா போல 11 கிலோ குழந்தைக்கு 100 மி.கி. மாத்திரை மூன்று அந்த எல்லையைத் தாண்டிவிடும். விழுங்கியது தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். முதலில் வாந்தி எடுத்து, பிறகு சில மணி நேரம் தெளிவாக இருப்பது போலத் தெரியும். அதை நம்பக் கூடாது.

இன்று வீட்டுக்குப் போனதும் பாட்டியின் தலைமாட்டு மாத்திரை டப்பாவைக் கை எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள். நாளைக் காலையிலிருந்து மூன்று நாளைக்கு, குழந்தை குடிக்கும் பாலை மி.லி.யில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். 500-ஐத் தாண்டினால், அல்லது குழந்தை வெளுத்துத் தெரிந்தால், அந்தக் காகிதத்தையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.

என்னை லிஃப்டில் பார்த்தால் தாராளமாகக் கேளுங்கள். இப்போது நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "பால் எவ்வளவு குடிக்கிறா?" என்பதுதான். பதில் நீளமாக இருந்தால் ஐந்தாவது மாடியில் இறங்க மாட்டேன், உங்கள் மாடி வரை கூட வருவேன்.